பச்சை முனையும் நீல முனையும்

வீட்டில் ஃபைபர் இன்டர்நெட் இருந்தால் மோடத்தின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். மெல்லிய வயர் ஒன்று பச்சை நிற பிளாஸ்டிக் முனையோடு அதற்குள் நுழைந்திருக்கும். சிசிடிவி கடையில் விற்கும் மீடியா கன்வர்ட்டரிலும் அதே சதுர வாய்தான், ஆனால் நீல நிறம். பச்சை முனையை எடுத்து நீல வாயில் செருகினால் எந்தத் தடையும் இல்லாமல் ‘டிக்’ என்று உட்கார்ந்துவிடும். உட்கார்ந்துவிட்டதால் பொருந்திவிட்டது என்றுதான் நினைப்போம். ஃபைபர் வேலையில் பெரும்பாலான வீண் அலைச்சல் இந்த நினைப்பிலிருந்து வருகிறது.

எப்படி என்று பார்க்க ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். முன்னால் அலுவலகம், பின்னால் குடோன், நடுவே 140 மீட்டர். குடோனில் பத்துப் பதினைந்து கேமராக்கள், பில் போடும் இரண்டு கணினிகள், ஒரு வைஃபை. சாதாரண ஈதர்நெட் காப்பர் வயர் 100 மீட்டர் வரைதான். தூரம் குறைவாக இருந்தாலும் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே திறந்தவெளியில் காப்பர் இழுப்பது நல்லதல்ல. ஐப்பசியில் ஒரு இடி இறங்கினால் இரண்டு பக்கத்து சுவிட்சும் சேர்ந்தே போகும். அதனால் ஃபைபர். அதுவரை யாருக்கும் குழப்பம் இல்லை. கடைக்குப் போனதும் கேள்விகள் வருகின்றன: சிங்கிள் மோடா, மல்டி மோடா? எல்சியா, எஸ்சியா? யுபிசியா, ஏபிசியா?

இந்த மூன்றில் நடுக் கேள்விதான் மிக எளிது. எஸ்சி, எல்சி என்பவை முனையின் உருவத்தைச் சொல்கின்றன. எஸ்சி சற்றுப் பெரிய சதுரம். அதன் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பீங்கான் குழலின் பெயர் ஃபெரூல், குறுக்களவு 2.5 மில்லிமீட்டர். எல்சியில் அது பாதி, 1.25 மில்லிமீட்டர். அதனால் எல்சியை இரட்டையாகச் சேர்த்துக் கிளிப் போட்டு, சுவிட்சில் செருகும் எஸ்எஃப்பி மாட்யூலுக்குள் அடக்க முடிகிறது. பழைய நிறுவனங்களில் திருகிப் பூட்டும் எஃப்சியும், அமுக்கித் திருப்பும் எஸ்டியும் இன்னும் கிடக்கின்றன. எந்தக் கருவியில் எந்த வாய் இருக்கிறதோ அந்த முனையை வாங்க வேண்டியதுதான். தப்பாக வாங்கினால் உள்ளே போகாது. கையில் எடுத்த உடனே தெரிந்துவிடும் தவறு என்பதால் அதனால் பெரிய கெடுதல் இல்லை.

கெடுதல் செய்வது ஃபெரூலின் நுனி எப்படித் தேய்க்கப்பட்டிருக்கிறது என்பதுதான். அது கண்ணுக்குத் தெரியாது.

ஃபெரூலின் நட்டநடுவே, 125 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடி இழை ஓடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அந்த இழைக்குள்ளும் ஒளி போவது கோர் என்னும் நடுப்பகுதியில்தான்; சிங்கிள் மோடில் அது ஏறக்குறைய 9 மைக்ரான். இரண்டு முனைகளைக் கப்ளரில் எதிரெதிராகச் செருகும்போது, இந்த 9 மைக்ரான் புள்ளி எதிரே உள்ள 9 மைக்ரான் புள்ளியை நேராகத் தொட வேண்டும். தொடாமல் நடுவே துளி காற்று நின்றாலும், கண்ணாடி முடிந்து காற்று தொடங்கும் அந்த இடத்திலேயே ஒளியில் சுமார் 3.5 சதவீதம் வந்த வழியே திரும்பிவிடும். ஜன்னல் கண்ணாடியில் நம் முகம் மங்கலாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

காற்றை வெளியேற்ற ஒரு உபாயம் செய்தார்கள். நுனியைத் தட்டையாக விடாமல், நடுப்பகுதி மிக லேசாக மேடாக இருக்கும்படி தேய்த்தார்கள். கனெக்டருக்குள் ஒரு சிறு ஸ்பிரிங் இருக்கிறது. எஸ்சியில் அது ஏறக்குறைய ஒரு கிலோ எடையின் விசையோடு ஃபெரூலை முன்னால் தள்ளும். இரண்டு மேடுகளும் உச்சியில் மோதி, கண்ணாடியும் கண்ணாடியும் நெருங்கி அமுங்கும்போது காற்றுக்கு இடமே இல்லாமல் போகிறது. இதுதான் பிசி பாலிஷ். இதையே இன்னும் நுணுக்கமாகத் தேய்த்து மெருகேற்றியது யுபிசி. பிசியில் திரும்பி வரும் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால், நல்ல யுபிசியில் லட்சத்தில் ஒரு பங்கு. நீல முனை இந்த வகை.

பச்சை முனை ஏபிசி. இதில் நுனியை நேராக இல்லாமல் 8 டிகிரி சாய்த்துத் தேய்க்கிறார்கள். இங்கேயும் கொஞ்சம் ஒளி பட்டுத் திரும்பத்தான் செய்கிறது. ஆனால் சாய்ந்த பரப்பில் பட்டது நேராகத் திரும்பாது. இழையின் போக்கிலிருந்து 16 டிகிரி விலகிப் போகும். சிங்கிள் மோட் கோர் அவ்வளவு சாய்வாக வரும் ஒளியைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. அது கோருக்கு வெளியே கசிந்து தொலைந்துவிடும். அனுப்பிய லேசருக்குத் திரும்புவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான்.

லட்சத்தில் ஒன்றுக்கும் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே ஓடும் ஈதர்நெட்டுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. வீட்டு இணைப்புக்கு உண்டு. தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் ஒரு இழையின் ஒளியை எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு வீடுகளுக்குப் பிரிக்கிறது. அதில் பாதி வாய்களில் இன்னும் வாடிக்கையாளர் வந்திருக்க மாட்டார். காற்றைப் பார்த்தபடி சும்மா இருக்கும். அவை யுபிசியாக இருந்தால் ஒவ்வொன்றும் 3.5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அங்கே தொட்டு அமுக்க எதிர்முனையே இல்லை. ஏபிசி முனை காற்றில் திறந்து கிடந்தாலும் திருப்புவது மிகக் குறைவு. அதே இழையில் கேபிள் டிவி சிக்னலும் ஓடினால் இந்தப் பிரதிபலிப்பு படத்தின் தரத்தையே கெடுக்கும். வீட்டு மோடத்தில் பச்சை வாய் இருப்பதன் நியாயம் இதுதான்.

இப்போது பச்சையை நீலத்தில் செருகினால் உள்ளே என்ன நடக்கிறது? ஒன்று சாய்ந்த முகம், ஒன்று நேர் முகம். சாய்வின் ஒரு ஓரம் மட்டும் எதிர்முனையைத் தொடும். நடுவே, கோர் இருக்கும் இடத்தில், காற்று நிற்கும். சாய்ந்த கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி ஏறக்குறைய 4 டிகிரி வளைந்து வேறு ஒன்பது மைக்ரானைத் தேடிப் போகும். கணிசமான ஒளி அங்கேயே வீணாகும். அதோடு, சாய்ந்த ஃபெரூலின் ஓரம் ஸ்பிரிங் விசையோடு எதிர் முகத்தை அழுத்துவதால் நிரந்தரக் கீறலும் விழலாம். கெட்டது அந்த கார்டு மட்டும் என்றால் பரவாயில்லை. கருவியின் வாய்க்குள் இருக்கும் முகமும் கெட்டுப்போனால் கன்வர்ட்டரையே மாற்ற வேண்டியிருக்கும்.

இதில் சங்கடம் என்னவென்றால் இணைப்பு முழுதாகச் சாவதில்லை. 140 மீட்டருக்கு இருக்கும் தாராளமான ஒளியில் கொஞ்சம் போனாலும் லிங்க் விளக்கு எரியும். இழை ஏதோ அசைந்து, தூசி கூடி, எல்லை தாண்டும் அன்று கேமரா விட்டுவிட்டு வரும். ஃபிட்டருக்குப் போன் போனால் உரையாடல் இப்படித்தான் இருக்கும்:

“அண்ணே, நேத்து வரைக்கும் ஓடுச்சே?”

“கார்டு முனை என்ன கலருங்க?”

“பச்சை. எங்க வீட்டு மோடத்துல இருக்குமே, அதேதான். கேபிள்காரர்கிட்ட ஒண்ணு வாங்கிப் போட்டோம்.”

“கன்வர்ட்டர் வாய்?”

“...நீலம்.”

வீட்டு இணைப்புக்காரர்கள் பையில் பச்சை கார்டுதான் அதிகம் இருக்கும், கன்வர்ட்டர் விற்பவர்கள் நீல வாயைத்தான் விற்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் இந்தத் தவறு நடக்கிறது. ஒரு முனை நீலமும் மறுமுனை பச்சையுமான கார்டைப் பார்த்தால் அது தயாரிப்புக் குறை என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். கேபிள் ஆபரேட்டரின் ஓஎல்டி கருவியில் நீல வாய், அடுத்துள்ள ஸ்ப்ளிட்டரில் பச்சை வாய் என்பதால் அப்படியொரு கார்டு தேவைப்படுகிறது. ஒரே கார்டின் இரு முனைகள் வேறாக இருக்கலாம். ஒரு கப்ளருக்குள் எதிரெதிராகச் சந்திக்கும் இரண்டு முகங்கள்தான் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

இனி சிங்கிள் மோடா, மல்டி மோடா என்னும் கேள்வி. குறைந்த தூரத்துக்கு மல்டி மோட், நெடுந்தூரத்துக்கு சிங்கிள் மோட் என்று பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் இன்றும் ஒப்பிப்பார்கள். ஒரு காலத்தில் அது சரி. மல்டி மோட் கோர் 50 மைக்ரான், பழையதில் 62.5. வாய் அகலம் என்பதால் விலை குறைந்த ஒளிமூலத்தையே எதிரே வைத்து ஒளியை உள்ளே செலுத்திவிடலாம். சிங்கிள் மோடின் 9 மைக்ரானுக்குள் செலுத்த நுட்பமாகப் பொருத்திய லேசர் வேண்டும். அப்போது அது விலை அதிகம்.

அகலமான கோருக்கு ஒரு விலை உண்டு. ஒளி பல பாதைகளில் போகிறது. நேராகப் போவது முன்னேயும் வளைந்து போவது பின்னேயும் வந்து சேர்கிறது. அனுப்பிய துடிப்பு அகன்று அடுத்த துடிப்போடு கலந்துவிடும். வேகம் கூடக் கூடத் துடிப்புகள் நெருங்கும், எனவே எட்டும் தூரம் குறையும். ஓஎம்1 என்னும் பழைய ஆரஞ்சு கேபிளில் 1 கிகாபிட் வேகம் 275 மீட்டர் வரை போகும். அதே கேபிளில் 10 கிகாபிட் போட்டால் 33 மீட்டர்தான். அதற்காக ஓஎம்3 வந்தது. கடல்பச்சை நிற உறை, 10 கிகாபிட்டுக்கு 300 மீட்டர். பிறகு 100 கிகாபிட் வந்தபோது அதே ஓஎம்3, நான்கு ஜோடி இழைகளைப் பயன்படுத்தியும் 70 மீட்டரில் நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை வேகம் ஏறும்போதும் சுவருக்குள் போன கண்ணாடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருந்தது. சிங்கிள் மோடில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே பாதை என்பதால், 1 கிகாபிட்டுக்குப் போட்ட மஞ்சள் கேபிளிலேயே இரண்டு பக்க மாட்யூலை மட்டும் மாற்றி 100 கிகாபிட்டும் ஓட்டலாம்.

விலைக் கணக்கும் மாறிவிட்டது. மாட்யூல்களில் மல்டி மோட் இன்றும் சற்று மலிவுதான், ஆனால் இடைவெளி சுருங்கிவிட்டது. கேபிளில் நிலைமை தலைகீழ்: சிங்கிள் மோட் கண்ணாடிதான் மலிவு. எல்லாவற்றையும்விட நம் ஊரில் எடை போட வேண்டியது வேறு. கேபிள் டிவிக்கும் வீட்டு இணைப்புக்கும் தெருத்தெருவாக ஓடுவது சிங்கிள் மோட். ஸ்ப்ளைஸ் மெஷின் வைத்திருப்பவர் கையில் இருக்கும் பிக்டெயிலும் சிங்கிள் மோட்தான். ராத்திரி எட்டு மணிக்கு எலி கேபிளைக் கடித்துவிட்டால் பக்கத்துத் தெருவிலேயே ஆளும் பொருளும் கிடைக்கும். ஓஎம்3 பிக்டெயிலுக்கு கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வர வேண்டியிருக்கும்.

ஆகவே திருப்பூர் குடோனுக்கு என் தீர்ப்பு சிங்கிள் மோட்தான். மல்டி மோட் வேண்டாம் என்று எல்லா இடத்துக்கும் சொல்லவில்லை. கட்டிடத்தில் ஏற்கெனவே நல்ல ஓஎம்3 ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்குவது முட்டாள்தனம். நூற்றுக்கணக்கான குட்டி இணைப்புகள் உள்ள டேட்டா சென்டரில் மாட்யூலுக்கு மாட்யூல் மிச்சமாகும் காசு பெரிய தொகையாகும். ஒரே ராக்கில் மேல் சுவிட்சுக்கும் கீழ் சுவிட்சுக்கும் மூன்று மீட்டர் என்றால் இரண்டுமே வேண்டாம். இரு முனையிலும் மாட்யூல் பொருத்தியே வரும் டிஏசி என்னும் காப்பர் கேபிள் போதும், அது இன்னும் மலிவு.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது: இரண்டையும் கலப்பது. 50 மைக்ரான் கோரிலிருந்து 9 மைக்ரானுக்கு ஒளி போக வேண்டுமென்றால், பரப்பளவுக் கணக்கில் முப்பதில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும். எதிர்த்திசையில், சிறியதிலிருந்து பெரியதற்கு, ஏறக்குறைய முழுதும் போய்விடும். அதனால் ஒரு திசை ஓடி மறுதிசை செத்துக் கிடக்கும் விசித்திரத்தைப் பார்த்தால், நடுவில் எங்கோ மாற்று நிற கார்டு ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். உறை நிறத்தை மட்டும் நம்பாமல் அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பது நல்லது: 9/125 என்றால் சிங்கிள் மோட், 50/125 என்றால் மல்டி மோட்.

சிங்கிள் மோட் என்றதும் சிலர் ஒரு பயத்தைச் சொல்வார்கள்: பத்து கிலோமீட்டர் போகும் லேசரை 140 மீட்டரில் வைத்தால் எதிர்ப்பக்க ரிசீவர் கருகிவிடாதா? எண்களைப் பார்த்துவிடுவோம். ஒளியின் அளவை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். மூன்று குறைந்தால் பாதி, பத்து குறைந்தால் பத்தில் ஒன்று. 10 கிகாபிட், 10 கிலோமீட்டர் மாட்யூல் அதிகபட்சம் அனுப்புவது +0.5. அதே வகை மாட்யூலின் ரிசீவர் தாங்குவதும் +0.5. ஆக ஒரு மீட்டர் கார்டு போட்டாலும் ஆபத்தில்லை. 40 கிலோமீட்டர் மாட்யூல் அப்படியல்ல. அனுப்புவது +4 வரை, தாங்குவது −1 வரை. 80 கிலோமீட்டர் மாட்யூலில் தாங்கும் எல்லை −7தான். ‘தூரம் அதிகம், தரமும் அதிகம்’ என்று கடைக்காரர் 80 கிலோமீட்டர் மாட்யூலை நீட்டினால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அதைக் குட்டித் தூரத்தில் போட நடுவே அட்டென்யுவேட்டர் வைத்து ஒளியைக் குறைக்க வேண்டியிருக்கும்.

நம் இணைப்பின் கணக்கு இது. மாட்யூல் −2.5 டிபிஎம் அனுப்புகிறது என்று கொள்வோம். 140 மீட்டர் கண்ணாடியில் இழப்பு 0.06 டிபி, அதாவது இல்லாததற்குச் சமம். இரு பக்கத்திலும் எல்ஐயு பெட்டிக்குள் ஆளுக்கொரு ஸ்ப்ளைஸ், தலா 0.1. பெட்டியின் கப்ளரில் கார்டு செருகும் இடம் இரண்டு, தாராளமாகத் தலா 0.5. மொத்தம் 1.26. எதிர்ப்பக்கம் −3.8 அளவில் வந்து சேர வேண்டும். ரிசீவருக்கு −14.4 வரை போதும் என்பதால் பத்து டிபிக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. சுவிட்சின் பக்கத்தில் இதை Rx Power என்று பார்க்கலாம். லினக்ஸ் சர்வரில் நேராக மாட்யூல் செருகியிருந்தால், கார்டின் பெயர் eth0 என்று வைத்துக்கொண்டு:

```
ethtool -m eth0
```

அங்கே −4 என்று தெரிய வேண்டிய இடத்தில் −12 தெரிந்தால், லிங்க் ஓடினாலும் வேலை சரியில்லை. 140 மீட்டர் கண்ணாடியால் எட்டு டிபி போக முடியாது. முனைகளில்தான் எங்கோ போகிறது.

அப்படிப் போவதற்கு முதல் காரணம் அழுக்கு. ஃபெரூல் நுனியை 200 மடங்கு பெரிதாக்கும் ஃபைபர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சாம்பல் நிற வட்டம், அதன் நடுவே சிறு புள்ளியாகக் கோர். விரலால் ஒருமுறை தொட்ட முனையில் அந்த வட்டம் முழுக்க எண்ணெய்த் துளிகள் பரவிக் கிடக்கும். பின்னலாடைத் தூசு பறக்கும் குடோனில் புள்ளியின் மேலேயே ஒரு துகள் உட்கார்ந்திருக்கும்; கோரே 9 மைக்ரான்தான் என்னும்போது ஐந்து மைக்ரான் துகள் போதும், பாதி வழி அடைபட. அதைத் துடைக்காமல் செருகினால் ஸ்பிரிங் அதைக் கண்ணாடிக்குள் அழுத்திப் பதித்துவிடும், பிறகு துடைத்தும் பயனில்லை. புது கார்டு மூடியோடு வந்தது என்பதால் சுத்தம் என்று நம்ப முடியாது. மூடியின் உட்புறத்திலேயே தூசி இருக்கும்.

துடைப்பதற்கு ஒன்-கிளிக் கிளீனர் என்று பேனா வடிவில் விற்கிறார்கள். முனையில் வைத்து அமுக்கினால் உள்ளேயுள்ள நூல்நாடா நகர்ந்து துடைக்கும். எல்சிக்கு ஒன்று, எஸ்சிக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். கையில் உள்ள முனையை மட்டும் துடைத்தால் போதாது, கப்ளருக்குள் இருக்கும் எதிர்முனையையும் துடைக்க வேண்டும். சட்டை நுனி வேண்டாம். சானிடைசர் வேண்டவே வேண்டாம், பலவற்றில் கிளிசரின் கலந்திருக்கும். உலர்ந்தபின் படலமாக நிற்கும். துடைத்துவிட்டோமா என்று நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கும் பழக்கமும் ஆகாது. 1310 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் வரவில்லை என்று பொருளல்ல.

ஆக அந்த நிறுவனம் வாங்க வேண்டியவை: ஆறு இழை கொண்ட சிங்கிள் மோட் கேபிள், உலோகக் கவசம் இல்லாத வகை, கவசம் இருந்தால் இடியை அதுவே கொண்டுவந்துவிடும், எர்த் செய்தாக வேண்டும். இரண்டு எல்ஐயு பெட்டி, நீல எல்சி கப்ளரோடும் பிக்டெயிலோடும். 10 கிலோமீட்டர் மாட்யூல் இரண்டு. எல்சி-யுபிசி இரட்டை பேட்ச் கார்டு மஞ்சள் உறையில் இரண்டு, உபரியாக இன்னும் இரண்டு. ஒரு கிளீனர் பேனா. ஓடுவது இரண்டு இழை, மீதி நான்கு எலிக்கும் எதிர்காலத்துக்கும்.

வேலை முடிந்த அன்று இரண்டு பக்கத்து Rx Power எண்ணையும் தேதியோடு எழுதி எல்ஐயு பெட்டியின் மூடிக்குள் ஒட்டச் சொல்லுங்கள். எழுதித் தராமல் வேலை முடிந்துவிட்டது என்று ஃபிட்டர் சொன்னால் பாக்கிப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.